கட்டம் போட்ட படிவத்தைத் தட்டச்சு செய்யும்போது காலிக் கட்டத்தை என்ன செய்வது?

ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு காலிக் கட்டம். இப்படி நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை முதன்முதலாக வந்தபோது, இதில் என்ன இருக்கிறது, பார்த்துப் பார்த்து அடித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அறுபது படிவங்களை மூன்று நாளில் முடித்துக் கொடுத்தேன். அறுபதும் திரும்பி வந்தன. எழுத்துப் பிழை அதிகம் இல்லை. சொல் இடைவெளிதான் தப்பு: ஒன்றாக இருக்க வேண்டிய சொல் இரண்டாக உடைந்திருந்தது, இரண்டாக இருக்க வேண்டியது ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் எந்தக் காரணத்தால் ஒட்டினேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் மூலத்தில் இருந்ததை நான் எங்கும் அப்படியே குறித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தேன்.

இரண்டாம் முறை நான் கையாண்ட வழியை இங்கே எழுதுகிறேன். தமிழில் நிரப்பிய படிவத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன், அதில்தான் சிக்கல் அதிகம். உதாரணமாகக் காட்டும் முகவரி நான் இட்டுக்கட்டியது.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நிரப்பாத படிவம் ஒன்று. இது இல்லாமல் தொடங்காதீர்கள். பல படிவங்களில் கட்டக் கோடுகளை வெளிர் நிறத்தில் அச்சிடுவார்கள். ஸ்கேன் செய்யும்போது அந்த நிறம் மறைந்து, எழுத்து மட்டும் வெள்ளைத்தாளில் நிற்கும். அப்போது இரண்டு எழுத்துக்கு நடுவே இருப்பது ஒரு காலிக் கட்டமா, இரண்டா, அல்லது தள்ளி எழுதியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. வெற்றுப் படிவத்தை அதே அளவில் அச்சிட்டு, நிரப்பிய தாளுக்கு அடியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிந்துவிடும். திரையில் என்றால் வெற்றுப் படிவத்தின் படத்தைப் பாதி ஒளிபுகும்படி மேலே வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, படிவத்தோடு வந்த குறிப்புத்தாள். "சொற்களுக்கு இடையே ஒரு கட்டம் விடவும்", "சொல்லை அடுத்த வரிசைக்கு உடைத்து எழுதலாம்" என்பதுபோல ஒரு வரி அதில் இருக்கலாம். அந்த ஒரு வரி உங்கள் பாதி சந்தேகத்தைத் தீர்க்கும். எல்லாரும் அதைப் படித்துத்தான் நிரப்பினார்கள் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

மூன்றாவது, தெளிவான ஸ்கேன். 300 டிபிஐ இருக்கட்டும். கைப்பேசியில் சாய்வாக எடுத்த படத்தில் வரிசையின் வலது ஓரக் கட்டங்கள் சுருங்கிப்போகும். நமக்கு மிகவும் தேவைப்படுவது அந்த ஓரம்தான், ஏன் என்று ஐந்தாம் படியில் வரும்.

அப்புறம், படிவத்தோடு இணைத்த சான்று நகல்கள், கையெழுத்துப் பக்கம் எல்லாம். ஒரே பெயரும் முகவரியும் வேறோர் இடத்தில் கட்டம் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும். சந்தேகம் வரும்போது அதுதான் சாட்சி.

## 2. ஒரு கட்டத்துக்கு ஒரு செல்

விரிதாளைத் திறந்து, படிவத்தின் ஒரு கட்டத்துக்கு ஒரு செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 12 கட்டம் என்றால் `A` முதல் `L` வரை. எழுத்து அடிக்கப்போகும் செல்களை முதலிலேயே உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தப் படியில் வாசிக்கக் கூடாது, பார்த்ததை மட்டும் அடிக்க வேண்டும். சொல்லாக வாசிக்க ஆரம்பித்தால் மூளை இடைவெளியைத் தானே போட்டுக்கொள்ளும், தானே எடுத்தும் விடும். என் அறுபது படிவமும் அப்படித்தான் போயின.

மூன்றே குறிகள் போதும்:

- `^` காலிக் கட்டம்
- `#` எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை
- `>` முந்தைய கட்டத்து எழுத்தின் மிச்சம் (அடுத்த படியில் சொல்கிறேன்)

காலிக் கட்டத்துக்குச் செல்லைச் சும்மா விடாமல் `^` அடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சும்மா விட்டால், அது காலிக் கட்டமா நீங்கள் தாண்டிப்போன கட்டமா என்று பிறகு தெரியாது. எல்லாச் செல்லிலும் ஏதாவது ஒன்று இருந்தால், எண்ணிப் பார்த்துவிடலாம்:

```
=COUNTA(A2:L2)
```

12 வர வேண்டும். 11 வந்தால் எங்கோ ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது. முழு வரியையும் ஒரே செல்லில் அடித்துவிட்டு `LEN` போட்டு எண்ணலாமே என்று தோன்றும். தமிழுக்கு அது உதவாது. `மே` என்பது கட்டத்தில் ஒன்று, கணினிக்கு ம, ஏகாரக் குறி என்று இரண்டு. எண்ணிக்கை பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.

காலிக் கட்டத்துக்கு `_` வைக்கலாமா என்று கேட்பீர்கள். மின்னஞ்சல் முகவரியில் அது உண்மையான எழுத்தாகவே வரும், அதனால் வேண்டாம். `*`, `~` இரண்டையும் நான் முதலில் வைத்துப் பட்டேன். எக்செல் தேடல் பெட்டியில் அவற்றுக்குத் தனிப் பொருள் உண்டு. `*` தேடினால் எல்லாச் செல்லும் வந்து நிற்கும். இன்னொன்று, எக்செலில் வெறும் செல்லில் `/` அடித்தால் மெனுவுக்குத் தாவிவிடும். முகவரியில் `14/3` வரும் இடத்தில் `F2` அழுத்திவிட்டு `/` அடியுங்கள்.

## 3. எழுதியவர் எப்படிக் கணக்கிட்டார் என்று பாருங்கள்

ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்பினால் இந்தப் பிரச்சினை இல்லை. தமிழில் "ஓர் எழுத்து" என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். "தோ" என்பதை ஒருவர் ஒரே கட்டத்தில் அடக்குவார். இன்னொருவர் இரட்டைக்கொம்புக்கு ஒரு கட்டம், த-வுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று மூன்று கட்டம் எடுப்பார். முதல் இரண்டு வரிசையைப் பார்த்தாலே அவர் எந்த வகை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே ஆள் கடைசிவரை ஒரே வழியில்தான் போவார். இடம் பற்றாத கடைசி வரிசையில் மட்டும் நெருக்கி எழுதுவார்.

மூன்று கட்டக்காரரின் எழுத்தைப் பார்த்தபடியே மூன்று செல்லில் அடித்தால் சேர்க்கும்போது உடையும். தாளில் கொம்பு முதலில் வருகிறது. கணினியில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. கொம்பு, த, கால் என்று அடித்துச் சேர்த்தால் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று தோன்றும், அல்லது கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் செல்லில் முழு `தோ`, அடுத்த இரண்டிலும் `>`. கட்டக் கணக்கும் சரியாக இருக்கும், எழுத்தும் உடையாது.

இவர்களிடம் கவனிக்க வேண்டியது கால். தனிக் கட்டத்தில் நிற்கும் காலும் ரகரமும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். க, அடுத்த கட்டத்தில் கால் என்றால் "கா". அதையே ர என்று படித்தால் "கர". அதே ஆள் உறுதியாக ர எழுதிய வேறோர் இடத்தைத் தேடிப் பாருங்கள். கீழே சாய்கோடு இழுக்கிறாரா இல்லையா என்பது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஔகாரமும் இப்படித்தான். `கௌ` என்பதைக் `கெ`, `ள` என்று இரண்டாக அடித்தாலும் திரையில் ஏறக்குறைய அதேபோல் தெரியும், ஆனால் தேடும்போது கிடைக்காது.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டத்தை நிறைத்துப் பெரிதாக எழுதுகிறவர்களின் புள்ளி கட்டத்தின் மேல்கோட்டிலேயே விழுந்துவிடும். ஸ்கேனில் கோடு கொஞ்சம் தடித்ததுபோல மட்டும் தெரியும். பெரிதாக்கிப் பார்க்காமல் "ம" என்று அடித்தால், அது "ம்" ஆக இருக்கலாம். இதுவும் ஐந்தாம் படியில் வேலை செய்யும்.

## 4. எந்தக் காலி இடைவெளி, எந்தக் காலி வெறும் காலி

வரிசையின் நடுவில் இரண்டு எழுத்துக்கு இடையே ஒரே ஒரு காலிக் கட்டம் என்றால் அது சொல் இடைவெளி. இதில் தகராறு இல்லை.

கடைசி எழுத்துக்குப் பிறகு புலம் முடியும்வரை இருக்கும் காலிகளுக்குப் பொருள் எதுவும் இல்லை, வெட்டிவிட வேண்டியவை. நடுவில் இரண்டு காலி சேர்ந்து வந்தால் முடிவில் ஒரு இடைவெளியாகத்தான் போகும், ஆனால் அதற்கு முன் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கிய பேனாவில் எழுதிய ஓர் எழுத்தோ, ஒரு நிறுத்தப்புள்ளியோ அங்கே ஒளிந்திருக்கும். முதலெழுத்துக்குப் பிறகு புள்ளிக்கென்று ஒரு கட்டம், பிறகு ஒரு காலி என்று எழுதுபவர்கள் நிறைய. அந்தப் புள்ளி ஸ்கேனில் விழாவிட்டால் இரட்டைக் காலியாகத் தெரியும்.

எண் புலங்களில் காலி என்றைக்கும் இடைவெளி ஆகாது. தொகைக்கு ஆறு கட்டம் இருந்து `4500` என்று வலப்பக்கம் ஒட்டி எழுதினால், இடப்பக்கக் காலி இரண்டும் நிரப்பு இடம். தேதியில் நாளுக்கு இரண்டு கட்டம் கொடுத்து, ஒன்று காலி, ஒன்றில் `5` என்றால் `05`. அடையாள எண்ணின் நடுவே ஒரு கட்டம் காலியாக இருந்தால் மட்டும் உஷார்: அங்கே ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கிறது அல்லது மங்கிப்போயிருக்கிறது. ஒட்டி அடித்து மூடி மறைக்காமல் `#` போட்டு, வேலை கொடுத்தவரிடம் கேட்பதற்கான கேள்விப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

## 5. வரிசை முடியும் இடம்

திரும்பி வந்த என் படிவங்களில் பெரும்பாலான பிழை இங்கேதான். முதல் வரிசையின் கடைசிக் கட்டத்தில் எழுத்து இருக்கிறது, அடுத்த வரிசையின் முதல் கட்டத்திலும் எழுத்து இருக்கிறது. நடுவில் இடைவெளி உண்டா, இல்லையா? கட்டம் எதுவும் சொல்லாது. சொல் சரியாகக் கடைசிக் கட்டத்தில் முடிந்தால், காலி விட இடமே இல்லை. அடுத்த வரிசையின் முதல் கட்டத்தைக் காலியாக விட்டுத் தொடங்குபவர்கள் சிலர், நேராகத் தொடங்குபவர்கள் பலர்.

இதற்காகக் கடைசிக் கட்டத்தை அடுத்து `M` என்று ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். இது படிவத்தில் இல்லாதது, உங்கள் தீர்ப்புக்கான இடம். புதுச்சொல் என்றால் `^`, அதே சொல் தொடர்கிறது என்றால் ஒன்றும் வேண்டாம், முடிவாகவில்லை என்றால் `#`.

தீர்ப்புக்கு நான் இந்த வரிசையில் போகிறேன்.

முதலில் எழுதியவரின் பழக்கம். வரிசையின் கடைசியில் இரண்டு மூன்று கட்டம் காலியாக விட்டு அடுத்த வரிசைக்குப் போகிறார் என்றால், அவர் சொல்லை உடைக்க விரும்பாதவர். அவருடைய வரிசை முடிவுகள் பெரும்பாலும் சொல் முடிவுகள்தான். எங்காவது ஒரு வரிசையை முதல் கட்டம் காலியாக விட்டுத் தொடங்கியிருக்கிறார் என்றால், அவர் இடைவெளியைக் கீழே கொண்டுபோகிறவர். அப்படிப்பட்டவர் காலி விடாமல் தொடங்கும் வரிசையைத் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பழக்கம் தெரியவில்லையா, தமிழ் எழுத்து முறையே உதவும். புதிய வரிசையின் முதல் எழுத்தைப் பாருங்கள். அது புள்ளி வைத்த எழுத்தாக இருந்தால் தொடர்ச்சி, ஏனென்றால் தமிழ்ச் சொல் புள்ளி எழுத்தில் தொடங்காது. "ஸ்டோர்", "ப்ரியா" மாதிரி பிறமொழிச் சொற்களும் பெயர்களும் மட்டும் விலக்கு. முதல் எழுத்து அ, இ, உ போல உயிரெழுத்தாக இருந்தால் புதுச்சொல், ஏனென்றால் உயிர் சொல்லின் நடுவே தனியாக வராது. புணர்ச்சி பார்க்காமல் இரண்டு சொல்லை ஒட்டி எழுதும் பெயர்களில் இது தவறலாம். ண, ழ, ள, ற, ன ஆகியவற்றின் வரிசையில் வரும் எழுத்துகளும் சொல்லின் முதலில் வராது, அவையும் தொடர்ச்சிக்கு அடையாளம்.

சரி, முந்தைய வரிசையின் கடைசி எழுத்து? அது க், ச், த், ப் என்றால் சொல் அங்கே முடியாது என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். நானும் சொன்னேன், தப்பாகப் போனது. வலி மிகும் இடத்தில் சொல் அந்த எழுத்துகளில் முடியும்: "பூந்தோட்டத் தெரு", "கடைப் பக்கம்". ஆகவே கடைசி எழுத்து வல்லின மெய்யாக இருந்து, அடுத்த வரிசை அதே இன எழுத்தில் தொடங்கினால், எழுத்து முறை கைவிட்டுவிடும். அங்கே வேறு சாட்சி தேட வேண்டும்.

## 6. ஒரு முகவரி, தொடக்கம் முதல் முடிவு வரை

வரிசைக்கு 12 கட்டம், நான்கு வரிசை. எழுதியவர் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் எடுப்பவர். விரிதாளின் 2-ஆம் வரியிலிருந்து செல்களில் அடித்தது இப்படி இருக்கிறது (செல் எல்லைக்கு `|` காட்டியிருக்கிறேன்):

```
1|4|/|3|,|^|பூ|ந்|தோ|ட்|ட|த்
தெ|ரு|^|நூ|ல|க|ம்|^|பி|ன்|பு|ற
ம்|^|மு|த|ல்|^|மா|டி|^|வ|ல|து
அ|றை|^|^|^|^|^|^|^|^|^|^
```

ஒவ்வொரு வரிசைக்கும் `COUNTA` 12 காட்டுகிறது. இனி மூன்று வரிசை முடிவுகள்.

எளிதானதிலிருந்து போகலாம். இரண்டாம் வரிசை "ற" என்று முடிந்து மூன்றாவது "ம்" என்று தொடங்குகிறது. புள்ளி எழுத்து முதலில் வந்திருக்கிறது, ஆகவே "பின்புறம்" ஒரே சொல். `M3` சும்மா இருக்கட்டும். இங்கே புள்ளி மேல்கோட்டில் மறைந்து நீங்கள் "ம" என்று படித்திருந்தால் இந்தத் தடயமே கிடைத்திருக்காது.

மூன்றாம் வரிசை "வலது" என்று முடிகிறது, நான்காவது "அ" என்று தொடங்குகிறது. உயிரெழுத்து, ஆகவே புதுச்சொல். `M4`-இல் `^`. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: இவர் சொல் முடிந்தும் நான்காம் வரிசையைக் காலி விடாமல் தொடங்கியிருக்கிறார். அதாவது இடைவெளியைக் கீழே கொண்டுபோகும் பழக்கம் இவருக்கு இல்லை. பின்புறம் என்பதை உடைத்ததால், சொல்லை உடைக்கத் தயங்காதவர் என்பதும் தெரிகிறது.

மிச்சம் இருப்பது முதல் வரிசை முடிவு. "பூந்தோட்டத்" என்று முடிந்து "தெரு" என்று தொடங்குகிறது. பூந்தோட்டத்தெரு என்று ஒரே சொல்லாக எழுதினாரா, இரண்டாகவா? த் இருப்பதால் எழுத்து முறை உதவாது. இவருடைய பழக்கம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது பிரித்து எழுதுவதுதான், ஆனால் என் விருப்பம் இங்கே செல்லாது. `M2`-இல் `#` போட்டு மேலே போனேன் என்று வையுங்கள்.

அடுத்த பக்கத்தில் அஞ்சல் முகவரி என்று இன்னொரு புலம். அதே முகவரியைத்தான் திரும்ப எழுதியிருக்கிறார், ஆனால் எண்ணுக்குப் பிறகு காற்புள்ளி போட மறந்துவிட்டார். அதனால் எல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது:

```
1|4|/|3|^|பூ|ந்|தோ|ட்|ட|த்|^
தெ|ரு|^|...
```

பன்னிரண்டாம் கட்டம் காலி. சொல்லை உடைக்கத் தயங்காத இந்த ஆளுக்கு "தெரு" அதே சொல்லின் தொடர்ச்சியாக இருந்திருந்தால், "தெ" அந்தக் கட்டத்தில் வந்திருக்கும். வரவில்லை. ஆகவே இரண்டு சொல். `M2`-இல் இருக்கும் `#`-ஐ எடுத்து `^` போடலாம். முதல் புலத்தின் சந்தேகத்தை இரண்டாம் புலத்தில் விட்ட காற்புள்ளி தீர்த்துவைத்தது. காற்புள்ளி முதல் புலத்தில் இருந்தது, இரண்டாவதில் இல்லை. இரண்டையும் அப்படியே வைக்க வேண்டும், ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்தக் கூடாது.

இப்போது சேர்க்க ஒரே சூத்திரம். சூத்திரம் இருக்கும் செல் மட்டும் உரை வடிவத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் விடைக்குப் பதில் சூத்திரமே தெரியும்.

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(TEXTJOIN("",TRUE,A2:M5),"^"," "),">",""))
```

`TEXTJOIN` வரிசை வரிசையாகப் போய் எல்லாச் செல்லையும் ஒட்டுகிறது, `^` இடைவெளியாகிறது, `>` மறைகிறது, `TRIM` கடைசிக் காலிகளை வெட்டி, நடுவில் இரட்டையாக இருப்பதை ஒன்றாக்குகிறது. விடை:

```
14/3, பூந்தோட்டத் தெரு நூலகம் பின்புறம் முதல் மாடி வலது அறை
```

எங்காவது `#` மிச்சம் இருந்தால் அது விடையிலும் அப்படியே நிற்கும். அதுதான் வேண்டும். சந்தேகம் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது.

## 7. அடித்தது சரியா என்று பார்ப்பது

சேர்த்த வரியை வாசித்துச் சரிபார்ப்பதில் பயன் குறைவு. சொல் சரியாக இருந்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒருவர் தாளைப் பார்த்துக் கட்டம் கட்டமாகச் சொல்ல, இன்னொருவர் செல்லைப் பார்க்க வேண்டும். காலிக் கட்டத்துக்கும் வாய்விட்டு "காலி" என்று சொல்ல வேண்டும்: "து, காலி, ப, க், க". முதலில் கூச்சமாக இருக்கும். விட்டுப்போன காலி மூன்றாவது வரிசைக்குள் மாட்டிவிடும்.

துணைக்கு ஆள் இல்லை என்றால், மறுநாள் முதல் பதிவைப் பார்க்காமல் இன்னொரு முறை அடித்து, முதல் பதிவின் சேர்த்த வரியை `N2`-இலும் இரண்டாவதை `O2`-இலும் வைத்து ஒப்பிடுங்கள்:

```
=EXACT(N2,O2)
```

`FALSE` வந்த இடங்களை மட்டும் தாளோடு பார்த்தால் போதும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தும் `FALSE` வந்தால், நான் முன்பு சொன்ன `கௌ` விவகாரமாகத்தான் இருக்கும், அல்லது ஒரு விசைப்பலகையில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் இன்னொன்றில் கொம்பு, கால் என்று தனித்தனியாகவும் அடித்திருப்பீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது: எழுதியவரின் எழுத்துப் பிழையைத் திருத்துவது. "பக்கதில்" என்று கட்டத்தில் இருந்தால் "பக்கதில்" என்றுதான் அடிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தைக் கோடிட்டு அடித்துவிட்டு மேலே வேறு எழுத்து எழுதியிருந்தால், மேலே இருப்பதை எடுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்தை நெருக்கியிருந்தால் இரண்டையும் ஒரே செல்லில் அடிக்கலாம், கணக்கு கெடாது.

## 8. எவ்வளவு நேரம், எதற்குக் காசு

ஏறக்குறைய 180 கட்டம் உள்ள ஒரு படிவத்துக்கு எனக்கு முதல் நாள் நாற்பது நிமிடம் பிடித்தது. பத்துப் படிவத்துக்குப் பிறகு பன்னிரண்டு நிமிடத்தில் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. அதில் அடிக்கும் நேரம் ஐந்தாறு நிமிடம்தான். மிச்சம் வரிசை முடிவுகளுக்கும் சாட்சி தேடுவதற்கும் போகிறது. இரண்டாம் பதிவுக்குத் தனியாக ஐந்து நிமிடம் வையுங்கள். முதல் மூன்று படிவத்தை முழுதாக முடித்த பிறகே மொத்த வேலைக்குக் கெடு சொல்லுங்கள்.

கூலிக்குச் செய்வதானால் பேசும்போதே மூன்று விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும். எழுத்துக்கு இவ்வளவு என்றால் காலிக் கட்டமும் கணக்கில் உண்டா? உண்டு என்று இருக்க வேண்டும், ஏனென்றால் அதையும் நீங்கள் பார்க்கிறீர்கள், அடிக்கிறீர்கள். மங்கலான படிவத்துக்கு மறு ஸ்கேன் யார் செலவு? கேள்விப் பட்டியலுக்கு எத்தனை நாளில் பதில் வரும்? மூன்றாவதை நான் கேட்காமல் விட்டதால், `#` போட்ட படிவங்கள் இரண்டு வாரம் என்னிடமே கிடந்தன.

ஒப்படைக்கும்போது சேர்த்த வரிகளோடு கட்டவாரியான தாளையும் கொடுங்கள். கேள்விப் பட்டியலில் படிவ எண், புலத்தின் பெயர், வரிசை, கட்டம், சந்தேகம் என்று ஐந்து நெடுவரிசை போதும். "படிவம் 27, முகவரி, 1-ஆம் வரிசை முடிவு, ஒரு சொல்லா இரண்டா" என்று எழுதினால் பதில் சொல்பவர் அரை நிமிடத்தில் தாளைப் பார்த்துச் சொல்லிவிடுவார். "முகவரி தெளிவாக இல்லை" என்று எழுதினால் அந்தப் படிவம் உங்களிடமே திரும்பி வரும்.